முற்றத்து அடுப்பில் ஒன்றரை நிமிடம்: இறைச்சியை மெல்லிதாகச் சீவிப் பிரட்டி எடுப்பது எப்படி

வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், லீக்ஸும் கறிமிளகாயும் போட்டு மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைப் பிரட்டிக் கொடுத்தார்கள். வெளியே லேசாகக் கருகிய மணம், உள்ளே பஞ்சு மாதிரி. வீட்டுக்கு வந்து நானும் செய்து பார்த்தேன். முதல் முறை இறைச்சி தண்ணீர் விட்டுக் கொதித்தது. இரண்டாம் முறை பாதித் துண்டு செருப்புத் தோல். மூன்றாம் முறை மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் சவர்க்காரம் மணத்தது. அரைக் கிலோ அரைக் கிலோவாக ஒன்றரைக் கிலோ இறைச்சியை நாய்க்குப் போட்ட பிறகுதான் எங்கே பிழைக்கிறது என்று பிடிபட்டது. உங்களுக்கு அந்த ஒன்றரைக் கிலோ மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் பிரட்டல் என்று சொல்லும் கறியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முதலில் அவிந்து, பிறகு வற்றி வருவது. இது பச்சை இறைச்சி நேரே கொதிக்கும் தாச்சியில் விழுந்து, ஒன்றரை நிமிடத்தில் வெளியே வருவது. கறிக்குப் பழகிய கை இங்கே செய்கிற ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பிழையாகத்தான் இருக்கும்.

1. இறைச்சிக் கடையில் கத்தி விழுவதற்கு முன் சொல்லுங்கள்

முதல் பிழை கடையிலேயே நடக்கிறது. கிளிநொச்சிப் பக்கம் நான் வாங்கும் கடைக்காரர் கை வேகமானவர். "அரைக் கிலோ" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எலும்போடு சேர்த்துக் கறித்துண்டாகப் போட்டுவிடுவார். அந்தத் துண்டுகளில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிறகு தேட முடியாது. ஆகவே காசை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

"அண்ணை, துண்டு போடாதேங்கோ. தொடைச் சதை, எலும்பில்லாமல், ஒரே கட்டியாத் தாங்கோ."

"ஏன் தம்பி, கறிக்கில்லையோ?"

"இல்லையண்ணை, வீட்டில நான் வெட்டுறன்."

எலும்பில்லாமல் கேட்டால் கிலோவுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் நட்டம் என்று நினைக்க வேண்டாம். மரக்கறியோடு சேரும்போது அரைக் கிலோ சதை நாலு பேருக்குத் தாராளமாகக் காணும்.

எந்தச் சதை? அண்டர்கட் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்கு நான் கீழே எழுதுவதில் பாதி தேவைப்படாது. ஆனால் அது ஒரு மாட்டில் கொஞ்சம்தான் இருக்கும், விலையும் கூட. தொடைச் சதையும் முதுகுப் பக்கச் சதையும் போதும். காலின் கீழ்ப்பகுதிச் சதையையும் கழுத்தையும் வாங்காதீர்கள். அவற்றில் வெள்ளைச் சவ்வு ஊடும் பாவுமாக ஓடும். மணித்தியாலக் கணக்கில் அவித்தால்தான் அது கரையும். கறிக்கு அதுதான் ருசி. ஒன்றரை நிமிட வேலையில் அது ரப்பர்.

இன்னொன்று, நேரம். நம் பக்கத்து மாடுகள் காட்டிலும் வயலிலும் அலைந்து மேய்பவை. கொழுப்புக் குறைவு, சதை இறுக்கம். விடியற்காலை அறுத்தது காலையிலேயே விற்றுப் போகும். அறுத்துச் சில மணித்தியாலத்தில் சதை விறைத்து நிற்கும், ஒரு நாளாவது குளிரில் கிடந்தால்தான் அந்த விறைப்பு விடும். அதனால் இன்று வாங்கி நாளை சமையுங்கள். இரவு முழுக்க ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில், மூடிய பாத்திரத்தில் வையுங்கள். போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போயாவன்று விருந்தாளி என்றால் முதல் நாளே வாங்குவதுதான் வழி, அது இந்த முறைக்கு நல்லதும்கூட.

2. நாரைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பீர்களென்றால் இதை வாசியுங்கள்.

அவித்த பனங்கிழங்கை நினைத்துப் பாருங்கள். நீளவாக்கில் பிளந்து கடித்தால் தும்பு பல்லுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதையே குறுக்காகச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டினால் தும்பு இருப்பதே தெரியாது. தும்பு எங்கும் போகவில்லை, கட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். இறைச்சியும் அப்படியே. சதை என்பது ஒரே பக்கமாக ஓடும் நீள நார்களின் கட்டு. நாரோடு சேர்த்து வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் விரல் நீள நார் இருக்கும், அதை உங்கள் பல்தான் அறுக்க வேண்டும். நாருக்குக் குறுக்காக 3 மில்லிமீற்றர் தடிப்பில் சீவினால் நாரின் நீளமும் 3 மில்லிமீற்றர்தான். பல்லின் வேலையைக் கத்தி முதலே முடித்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் விதம் இதுதான். கட்டியை ஒரு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். தெரியாவிட்டால் இரண்டு பெருவிரலாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் கோடு கோடாகப் பிரிகிறதோ அதுதான் நார் ஓடும் பக்கம்.

எல்லோரும் விழும் குழி இது: தொடைச் சதை ஒரே சதையல்ல. இரண்டு மூன்று சதைகள் வெள்ளைச் சவ்வால் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் நார் வேறு வேறு பக்கம் ஓடும். ஒரு முனையில் சரியாக வெட்டத் தொடங்கி மறுமுனைக்கு வரும்போது நாரோடு சேர்த்து வெட்டிக்கொண்டிருப்பீர்கள். என் இரண்டாவது முறையில் பாதித் துண்டுகள் நன்றாகவும் பாதி தோலாகவும் வந்ததற்குக் காரணம் இதுதான். அதனால் முதலில் சவ்வு ஓடும் தடத்தில் கத்தி நுனியை விட்டுச் சதைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சவ்வை உரித்து எறியுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் நாரைப் புதிதாகப் பாருங்கள்.

3. முதலில் நாரோடு, பிறகு நாருக்குக் குறுக்கே

இரண்டு வெட்டு. முதலாவது, நார் ஓடும் திசையிலேயே கட்டியை நாலைந்து சென்ரிமீற்றர் அகலமான பட்டைகளாகப் பிரிப்பது. இங்கே நாரோடு வெட்டுவது சரிதான், பயப்பட வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே மெல்லிதாகச் சீவுவது. இப்படிச் செய்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவாக வரும். ஒரே அளவு என்பது அழகுக்காக இல்லை. மெல்லியது வெந்து முடிய, தடித்தது பச்சையாக நிற்கக்கூடாது.

அறை வெப்பத்தில் இருக்கும் சதையை யாராலும் 3 மில்லிமீற்றருக்குச் சீவ முடியாது, கத்தியோடு வழுக்கிக்கொண்டு போகும். பட்டைகளை ஒரு தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, ஃபிரிஜ்ஜின் ஐஸ் பெட்டிக்குள் முப்பது முதல் நாற்பது நிமிடம் வையுங்கள். வெளியே இறுகி, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அதுதான் பதம். கல்லாகிவிட்டால் கத்தி போகாது, பத்து நிமிடம் வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். தடிப்புக்கு, இரண்டு நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்த அளவைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் துண்டு அகலமாகக் கிடைக்கும்.

வெட்டிய ஒரு துண்டின் முகத்தைப் பாருங்கள். கோடுகள் தெரிந்தால் பிழை. புள்ளி புள்ளியாக, நார்க்கட்டின் வெட்டு முகம் தெரிந்தால் சரி.

4. ஊறவைத்தல்: அப்பச் சோடாவும் அதன் எல்லையும்

நம் பக்கத்து இறுகிய சதைக்குச் சரியான வெட்டு மட்டும் போதாது. சீனச் சமையற்காரர் செய்வது போலக் கொஞ்சம் அப்பச் சோடா போட வேண்டும். சோடா சதையின் புளிப்புத் தன்மையைக் குறைக்கிறது. அதனால் சூடு பட்டவுடன் நார்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறையும்.

அளவு: 250 கிராம் இறைச்சிக்குக் கால் தேக்கரண்டி, மட்டமாக வழித்தது. ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசைந்து இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். நான் ஒரு முழுத் தேக்கரண்டி போட்டு ஒரு மணித்தியாலம் விட்டதில்தான் அந்தச் சவர்க்கார மணம் வந்தது. சதையும் ஈரல் மாதிரிக் குழைந்து போனது. இருபது நிமிடம் முடிந்ததும் ஒருமுறை தண்ணீரில் அலசி, வடித்து, சுத்தமான துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுங்கள்.

இந்த ஒற்றி எடுப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். இறைச்சியில் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகும் வரைக்கும் தாச்சியின் சூடு அதற்கே செலவாகும். அதுவரை இறைச்சி அவியும், சிவக்காது.

பிறகு ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி கோன்ஃபிளவர் மா, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கடைசியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய். மா துண்டைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வையாக நிற்கும். எண்ணெய் துண்டுகளை ஒட்டாமல் பிரித்து வைக்கும். உப்புப் போட வேண்டாம், சோஸிலேயே உண்டு. தேசிக்காய் பிழியவும் வேண்டாம். கறிக்குக் கழுவும்போது தேசிக்காய் விடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இங்கே அது சோடா செய்த வேலையைத் திருப்பிவிடும்.

5. எந்தத் தாச்சி, எந்த நெருப்பு

மெல்லிய இரும்புத் தாச்சி, குழிவானது. அதுதான் சிறந்தது. கனமில்லாத அலுமினியத் தாச்சியில் வேலை நடக்கும், ஆனால் ஒட்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை இதற்கு எடுக்கவே வேண்டாம். அந்தப் பூச்சு 260 பாகைக்கு மேல் கெட்டுப் புகைவிடத் தொடங்கும், வெறும் சட்டியைக் கடும் நெருப்பில் வைத்தால் அந்தச் சூடு சில நிமிடத்தில் வந்துவிடும்.

புது இரும்புத் தாச்சியில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். சவர்க்காரமும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துக் கழற்றி, அடுப்பில் வைத்து நீலம் பாய்ந்து கறுக்கும்வரை காயவைத்து, துணியில் தொட்ட எண்ணெயை மெல்லிதாகப் பூசிப் புகைய விடுங்கள். இரண்டு மூன்று முறை போதும்.

இனி நெருப்பு. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி குசினிக்குள் ஏறாது. அம்மா அதில் ஒரே பிடி. "உனக்குத் தின்ன வேணுமெண்டா வெளியில வச்சுக் காய்ச்சு, என்ர அடுப்பில வேண்டாம்." இப்படித்தான் முற்றத்தில், மாமரத்துக்குத் தள்ளி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். வேறு வழியில்லாமல் செய்தது. ஆனால் நாலாவது முறை, முதல்முறையாகச் சரியாக வந்தது அங்கேதான்.

காரணம் எளியது. கடைகளில் இருக்கும் அடுப்பு இரைந்துகொண்டு எரியும். வீட்டுக் காஸ் அடுப்பின் சுவாலை தாச்சியின் அடியில் ஒரு வளையத்தை மட்டும்தான் தொடுகிறது. சிலிண்டர் முடியப் போகும் நாளென்றால் அதுவும் இல்லை. மூன்று கல் அடுப்பில் குழிந்த தாச்சி கல்லுக்குள் இறங்கி உட்காரும், சுவாலை பக்கமெல்லாம் ஏறும். முதலில் பாலையோ முதிரையோ, காய்ந்த வைர விறகை எரித்துத் தணல் பிடிக்க வையுங்கள். எல்லாம் தயாரான பிறகு அந்தத் தணல் மேல் ஐந்தாறு காய்ந்த சிரட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். சிரட்டை சில நிமிடத்துக்குக் கடுஞ்சுவாலையாக எரியும். நமக்குத் தேவை அந்தச் சில நிமிடம்தான். செலவும் இல்லை.

இந்த அடுப்பைக் குறைக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். சூடு கூடினால் தாச்சியைத் தூக்க வேண்டும். ஆகவே இரண்டு கைக்கும் தடித்த காய்ந்த துணி. எண்ணெய் விளிம்புக்கு மேல் தெறித்தால் சுவாலை உள்ளே பாயும், பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காஸ் அடுப்புத்தான் உண்டு என்றாலும் செய்யலாம். ஒரு தடவைக்குப் போடும் இறைச்சியை 150 கிராமுக்கு மேல் போகவிடாதீர்கள், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் தாச்சியை முழுதாகத் திரும்பச் சூடாக்குங்கள். சிரட்டை நெருப்பில் 250 கிராம் தாங்கும்.

6. எல்லாம் கைக்கெட்ட வேண்டும்

தாச்சி சூடான பிறகு உள்ளி தேடி ஓட முடியாது. அரைக் கிலோ இறைச்சிக்கு நான் எடுப்பது: லீக்ஸ் ஒன்று, கறிமிளகாய் நாலு, கரட் ஒன்று, பம்பாய் வெங்காயம் ஒன்று, எல்லாம் மெல்லிதாக வெட்டியது. உள்ளி ஐந்து பல்லும் விரல் நுனியளவு இஞ்சியும் பொடியாக நறுக்கியது. ஒரு கோப்பையில் சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, கோன்ஃபிளவர் மா அரைத் தேக்கரண்டி, கலக்கியது. ஒரு வெறும் தட்டு, இறைச்சியை இறக்க. பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததை இறக்காதீர்கள்.

லீக்ஸைக் கழுவியிருந்தால் தண்ணீர் வடிந்திருக்க வேண்டும். இறைச்சியைச் சமைக்கப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுங்கள். நம் வெயிலுக்கு அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு, சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் அல்லது மரக்கறி எண்ணெய். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இந்தச் சூட்டுக்கு முன்னமே புகைந்து கசக்கும்.

7. அந்த ஒன்றரை நிமிடம்

வெறும் தாச்சியை முதலில் காயவையுங்கள். விரலால் ஒரு துளி தண்ணீர் தெறியுங்கள். சுர்ரென்று பரவி வற்றினால் இன்னும் காணாது. துளி உடையாமல் மணி மாதிரி உருண்டு ஓடினால் சூடு வந்துவிட்டது. ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயை விளிம்பால் ஊற்றிச் சுழற்றுங்கள், மெல்லிய புகை கிளம்பும்.

இறைச்சியின் பாதியை, அதாவது 250 கிராமை, போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 25 செக்கன். இதுதான் மிகக் கடினமான இடம், கை தானாகக் கிண்டப் போகும். கிண்டினால் எந்தத் துண்டும் தாச்சியில் நின்று சிவக்காது. அடிப்பக்கம் சிவந்ததும் அகப்பையால் அடியோடு கிளப்பிப் புரட்டுங்கள், இன்னும் 20 செக்கன். துண்டுகளில் அங்கங்கே இளஞ்சிவப்பு இருக்கும்போதே தட்டில் இறக்குங்கள். மிச்ச வேக்காடு பிறகு நடக்கும். மற்றப் பாதிக்குத் தாச்சியைத் திரும்பச் சூடாக்கி அதையே செய்யுங்கள். சிரட்டை தணிந்திருந்தால் இரண்டு கூடப் போடுங்கள்.

காதையும் தீட்டி வைத்திருங்கள். கடும் சடசடப்புக் கேட்கும்வரை எல்லாம் சரி. அது அடங்கிக் குளுகுளுவென்று கொதிக்கும் சத்தமானால் இறைச்சி தண்ணீர் விட்டுவிட்டது. தாச்சி குளிர்ந்திருக்கிறது, அல்லது கூடப் போட்டுவிட்டீர்கள். அந்தத் தண்ணீரில் வற்றும்வரை விட்டால் தோல்தான் மிஞ்சும். உடனே இறைச்சியை அள்ளித் தட்டில் போட்டு, தண்ணீரைக் கோப்பைச் சோஸோடு சேர்த்து, தாச்சியைத் துடைத்துத் திரும்பப் புகைய வைத்துப் பாதிப் பாதியாகப் போடுங்கள். முழுதாக மீளாது, ஆனால் சாப்பிடலாம்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கரட் 30 செக்கன், வெங்காயமும் கறிமிளகாயும் 30 செக்கன், லீக்ஸ் 15 செக்கன். நடுவில் குழி செய்து உள்ளியும் இஞ்சியும் போட்டு, மணம் எழும்பும்வரை, பத்து செக்கன். உள்ளியை முதலே போட்டால் கருகிக் கசக்கும். இறைச்சியை அதன் சாறோடு கொட்டி, சோஸைக் கலக்கி விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். அது சூடான இரும்பில் பட்டுப் பொங்கி ஓடிவரும். இருபது முப்பது செக்கன் புரட்டினால் சோஸ் பளபளத்து ஒட்டும், இளஞ்சிவப்பும் மறைந்துவிடும். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் இன்னும் வெந்துகொண்டிருக்கும்.

8. கோழி என்றால்

அம்மாவின் குசினியில் இதற்கு இடமுண்டு. நெஞ்சுச் சதையை எடுங்கள். அதன் நார் மெல்லியது, அதைத் தேடி அறுக்க வேண்டிய அவசரம் இல்லை. மாட்டைக் குறுக்கே வெட்டு, கோழியை நாரோடு வெட்டு என்று சீனர் மத்தியில் ஒரு சொல்வழக்கே உண்டு. கோழியை மிக மெல்லிதாக நேர்க்குறுக்கே வெட்டினால் புரட்டும்போது உதிர்ந்துவிடும் என்பதால். நான் நடுவழியாகச் சாய்த்துச் சீவுகிறேன், 5 மில்லிமீற்றர் தடிப்பில். உதிர்வதும் இல்லை, நாராக இழுபடுவதும் இல்லை.

சோடா வேண்டாம். சோயா சோஸும் மாவும் எண்ணெயும் போட்டு இருபது நிமிடம் ஊறினால் போதும். தாச்சியில் முதல் பக்கம் 30 செக்கன், பிறகு புரட்டி ஒரு நிமிடம். இளஞ்சிவப்பில் இறக்கும் விளையாட்டைக் கோழியோடு வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் துண்டும் வெள்ளையாகிய பிறகே இறக்குங்கள். மரக்கறியோடு சேர்த்து முடித்ததும் இருப்பதில் தடித்த துண்டைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் இன்னும் அரை நிமிடம்.

9. மொத்தமாக எவ்வளவு நேரம்

ஆறரைக்குச் சாப்பாடு என்றால் நான் நாலே முக்காலுக்கு இறைச்சியை ஐஸ் பெட்டியில் வைப்பேன். ஐந்தரைக்குள் சீவி முடியும். ஐந்து ஐம்பதுக்குச் சோடா அலசி, ஆறு மணிக்குச் சோஸ் போட்டு, அது ஊறும்போது மரக்கறி வெட்டுவேன். விறகு ஐந்தரைக்கே எரியத் தொடங்கியிருக்க வேண்டும். சோறு முதலே வடித்திருக்க வேண்டும். ஆறு இருபதுக்குச் சிரட்டை. அடுப்பில் எல்லாமாக ஏழெட்டு நிமிடம்.

மிச்சம் வந்தால் மறுநாள் திரும்பக் காய்ச்சாதீர்கள், இறுகிவிடும். பொடியாக வெட்டி ரொட்டியோடு கொத்தில் போட்டுவிடுங்கள். தாச்சியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல், சூட்டோடு தண்ணீர் ஊற்றித் தென்னந்தும்பால் உரசி, தணலிலேயே காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசி வையுங்கள். எங்கள் தாச்சி இப்போது முற்றத்து மாமரத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது, குசினிக்குள் அதற்கு இன்னும் அனுமதி இல்லை.